டிவி நல்லாத்தான் இருக்கு, போனுக்கு ஏன் தெரியவில்லை?



கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை நம் கடற்கரை ஊர்களில் உறுப்பினர்கள் பலர் வீட்டின் ஒரு பகுதியை விருந்தாளிகளுக்கு அறையாக விடுகிறார்கள். இன்னும் பலர் லாட்ஜ்களிலும் ரிசார்ட்டுகளிலும் அறைப் பொறுப்பில் வேலை செய்கிறார்கள். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "விருந்தாளி போனில் படம் வைத்து டிவியில் போடப் பார்க்கிறார். டிவியிலும் நெட் வருகிறது, போனிலும் நெட் வருகிறது. ஆனா போன்ல டிவி பேரே வரமாட்டேங்குது. டிவி கெட்டுப்போச்சா?"

பெரும்பாலும் டிவி கெட்டிருக்காது. கடலோரத்தில் உப்புக் காற்று பட்டு டிவியின் பின்பக்கச் சொருகுகள் துருப்பிடிப்பது நாம் பார்க்கிற விஷயம்தான். அதனால் எதற்கெடுத்தாலும் "உப்புக் காத்துல போயிடுச்சு" என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுகிறோம். இந்தக் கோளாறுக்கு உப்பு காரணமில்லை, வைஃபை போடப்பட்ட விதம்தான் காரணம். அது என்ன என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

போன் எப்படி டிவியைத் தேடுகிறது?

போனில் யூடியூப் பார்க்கும்போது மேலே ஒரு சின்ன டிவிப் பெட்டி, மூலையில் அலை மாதிரி கோடுகளோடு ஒரு படம் தெரியும். அதைத் தொட்டால் பக்கத்தில் இருக்கும் டிவிகளின் பெயர்கள் வரும். ஒன்றைத் தொட்டால் படம் டிவிக்குப் போய்விடும். இதைத்தான் காஸ்ட் செய்வது என்கிறார்கள்.

இதில் பலர் நினைப்பதுபோல போன் படத்தை டிவிக்கு அனுப்புவதில்லை. "இந்தப் படத்தைப் போடு" என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. டிவி தானே இன்டர்நெட்டிலிருந்து அந்தப் படத்தை இறக்கிக்கொள்கிறது. அதன் பிறகு போன் ஒரு ரிமோட் மாதிரிதான்.

அப்படிச் சொல்வதற்கு முன்னால் டிவி எங்கே இருக்கிறது என்று போனுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் போன் என்ன செய்கிறது தெரியுமா? தெருவில் நின்று "இங்க டிவி யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுக்கிற மாதிரி, தான் சேர்ந்திருக்கும் வைஃபைக்குள் ஒரு கூப்பாடு போடுகிறது. அதே வைஃபைக்குள் இருக்கும் டிவிக்கு அது கேட்கும். "நான் இருக்கேன், என் பேரு இது" என்று அது பதில் சொல்லும். அந்தப் பெயர்தான் போனில் தெரிகிறது.

அந்தக் குரல் ஒரு வைஃபையின் சுவரைத் தாண்டிப் போகாது. பக்கத்து வைஃபைக்குப் போகாது, இன்டர்நெட் வழியாகச் சுற்றியும் வராது. அதனால் போனிலும் டிவியிலும் நெட் வருகிறது என்பது இதற்குப் போதாது. செங்கல்பட்டுக்கு இரண்டு பேர் இரண்டு பஸ்ஸில் போனால், இருவரும் ஊருக்குப் போய்ச் சேர்வார்கள். வழியில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள முடியாது அல்லவா, அதுபோல.

ஒரு வீட்டின் கதை

மாமல்லபுரத்தில் நம் உறுப்பினர் ஒருவர் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். கீழே ஓர் அறை, மாடியில் ஓர் அறை, இரண்டிலும் டிவி. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து குடும்பமாக வருவார்கள். பகலில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் என்று சுற்றிவிட்டு, ராத்திரி பிள்ளைகளுக்கு டிவி வேண்டும்.

முதலில் விருந்தாளிகள் தங்கள் கணக்கை டிவியிலேயே திறந்து பார்த்துவந்தார்கள். கிளம்பும்போது கணக்கை மூட மறந்துவிடுவார்கள். அடுத்து வருபவர் அந்தக் கணக்கில் முன்னவர் என்னென்ன பார்த்தார் என்பது வரைக்கும் பார்க்கலாம். இதனால் ஒருமுறை போனில் சண்டையே வந்திருக்கிறது. அதன் பிறகு "உங்க போன்லேர்ந்து காஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். யோசனை நல்லதுதான். காஸ்ட் செய்தால் விருந்தாளி டிவிக்குப் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் எந்த விருந்தாளிக்கும் டிவி தெரியவில்லை. ஒரு குடும்பம் இதைக் குறையாக எழுதிவிட்டுப் போனது. டிவியில் சொருகும் ஸ்டிக் ஒன்று மூவாயிரம், நாலாயிரம் ஆகும், இரண்டு அறைக்கும் வாங்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். குழுவில் உள்கடன் கேட்கிற அளவுக்கு விஷயம் வந்தபோதுதான் நாங்கள் நேரில் போய்ப் பார்த்தோம்.

அந்த வீட்டு வைஃபையின் பெயர் `Alai Illam`. அவருடைய மகன் விவரமான பிள்ளை. வீட்டின் பாஸ்வேர்டை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுக்கக் கூடாது என்று ரூட்டரிலேயே விருந்தாளிகளுக்கென்று `Alai Illam Guest` என்று இன்னொரு வைஃபை திறந்து வைத்திருந்தான். வாசல் கேமராவும் குடும்பத்தாரின் போன்களும் `Alai Illam` பெயரில் இருந்தன. இரண்டு டிவிகளையும் வாங்கிய அன்றைக்கே அந்த வீட்டு வைஃபையில்தான் சேர்த்திருந்தான். விருந்தாளியின் போனோ `Alai Illam Guest` பெயரில் இருந்தது.

கோளாறு இங்கேயே தெரிந்துவிட்டது. டிவி ஒரு பஸ்ஸில், போன் ஒரு பஸ்ஸில். ஒரே ரூட்டர்தான், ஒரே பெட்டிதான். ஆனாலும் Guest என்பது நடுவில் சுவர் வைத்த தனி வைஃபை. அந்தப் பக்கம் கொடுத்த குரல் இந்தப் பக்கம் கேட்காது. சுவர் வைப்பதுதான் அதன் வேலையே.

டிவியை மாற்றினோம், அப்போதும் தெரியவில்லை

சரி, டிவியையும் Guest வைஃபையிலேயே சேர்த்துவிட்டால் ஆயிற்று என்று மாடி டிவியின் செட்டிங்ஸில் போய் வைஃபையை மாற்றினோம். இப்போது டிவியிலும் `Alai Illam Guest`, போனிலும் `Alai Illam Guest`. பெயர் ஒன்றாகிவிட்டது. யூடியூபைத் திறந்து பார்த்தால் டிவி பெயர் அப்போதும் வரவில்லை.

பெரும்பாலானோர் கைவிட்டுவிடும் இடம் இதுதான். "ரெண்டும் ஒரே வைஃபையில இருக்கணும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், இருக்கிறது, வரவில்லை, அப்படியென்றால் டிவிதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இங்கே இன்னொரு பூட்டு இருக்கிறது. Guest வைஃபைக்குள் வருகிற ஒவ்வொரு கருவியையும் ரூட்டர் தனித்தனியாகப் பிரித்து வைக்கும். ஒவ்வொன்றுக்கும் இன்டர்நெட் கொடுக்கும், ஒன்றோடு ஒன்று பேச மட்டும் விடாது. பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடத்தை நினைத்துப் பாருங்கள். வாசல் எல்லோருக்கும் ஒன்று, உள்ளே கதவு தனித்தனி. இந்தப் பூட்டை ரூட்டரின் திரையில் `AP Isolation` என்றோ `Client Isolation` என்றோ எழுதியிருப்பார்கள். சில ரூட்டர்களில் இதையே திருப்பிப் போட்டு `Allow guests to see each other` என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இல்லாவிட்டால் பூட்டு போட்டிருக்கிறது என்று பொருள். வாங்கும்போதே பெரும்பாலும் டிக் இல்லாமல்தான் வரும்.

பெயர் ஒன்றாக இருப்பதும் ஒருவருக்கொருவர் பேச முடிவதும் வேறு வேறு விஷயம் என்பது இப்போது புரிந்திருக்கும். பெயர் என்பது வாசலில் மாட்டிய போர்டு மாதிரி. மாமல்லபுரத்தில் ஒரே பெயரில் இரண்டு சிற்பக் கடை இருந்தால் இரண்டும் ஒரே கடை ஆகிவிடுமா? அதுபோல முன்வீட்டில் ஒரு ரூட்டர், மாடியில் இன்னொரு ரூட்டர் வைத்து இரண்டுக்கும் ஒரே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்திருப்பார்கள். மாடி ரூட்டரைத் தனி ரூட்டராகவே இணைத்திருந்தால், பெயர் ஒன்று, வைஃபை இரண்டு. கீழே இருக்கும் போனுக்கு மாடி டிவி தெரியாது.

இதற்கு நேர்மாறும் உண்டு. `Veedu` என்றும் `Veedu_5G` என்றும் ஒரே ரூட்டர் இரண்டு பெயர் காட்டும். இவை பெயரில் வேறாக இருந்தாலும் பெரும்பாலான ரூட்டர்களில் உள்ளே ஒன்றுதான். ஒன்றில் போன், மற்றதில் டிவி இருந்தாலும் காஸ்ட் வேலை செய்யும். பழைய டிவிகளில் 5G என்று முடியும் பெயர் தெரியவே தெரியாது, அது டிவியின் குறை இல்லை. இந்த 5G-க்கும் செல்போன் 5G-க்கும் சம்பந்தமும் இல்லை.

எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

பெயரை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? எண்ணைப் பார்க்கலாம். வைஃபைக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண் கொடுக்கும். போனில் செட்டிங்ஸ், வைஃபை, சேர்ந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரப் படம் என்று போனால் `IP address` என்று இருக்கும். டிவியிலும் நெட்வொர்க் செட்டிங்ஸில் இருக்கும். நான்கு பகுதியாக, நடுவில் புள்ளி வைத்து எழுதியிருப்பார்கள்.

போனில் `192.168.1.14`, டிவியில் `192.168.1.9` என்றால் முதல் மூன்று பகுதியும் ஒன்று, கடைசி மட்டும் வேறு. வீட்டு ரூட்டர்களில் இப்படி இருந்தால் இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். போனில் `192.168.1.14`, டிவியில் `192.168.0.5` என்றால் மூன்றாவது பகுதியே வேறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு வைஃபை.

எண் ஒரே தெரு என்று காட்டியும் டிவி தெரியவில்லை என்றால் நாம் சொன்ன பூட்டைச் சந்தேகப்பட வேண்டும். அந்த மாமல்லபுரம் வீட்டில் அப்படித்தான் இருந்தது. மூன்று பகுதியும் ஒன்று, கடைசி மட்டும் வேறு. ஆனாலும் போனுக்கு டிவி தெரியவில்லை.

ஹாட்ஸ்பாட் சோதனை

ரூட்டரின் உள்ளே போய்ப் பார்க்கத் தெரியாதவர்களும் பூட்டா, டிவியா என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு போன் வேண்டும்.

முதல் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து விடுங்கள். டிவியை அந்த ஹாட்ஸ்பாட்டில் சேருங்கள். இரண்டாவது போனையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, அந்த இரண்டாவது போனிலிருந்து காஸ்ட் செய்து பாருங்கள். டிவி பெயர் வந்துவிட்டால் டிவியும் நல்லது, போனும் நல்லது, குறை வீட்டு வைஃபையில்தான். மெக்கானிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இரண்டு போன் எதற்கு என்று கேட்பீர்கள். ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனிலிருந்தே காஸ்ட் செய்தால் சில போன்களில் வரும், சிலவற்றில் வராது. வராவிட்டால் அது எதனால் என்று சொல்ல முடியாது. சோதனை என்றால் பதில் தெளிவாக வர வேண்டும்.

ஹாட்ஸ்பாட் பெயரே டிவியில் தெரியவில்லை என்றால், போனின் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் `2.4 GHz` என்று மாற்றுங்கள். ஐபோனில் அதற்கு `Maximize Compatibility` என்று இருக்கும்.

ஹாட்ஸ்பாட்டில் சேர்த்தும் டிவி வரவில்லையா? அப்போது போனைப் பாருங்கள். விபிஎன் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஐபோனில் அந்தச் செயலிக்கு `Local Network` அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். முதல்முறை கேட்கும்போது "வேண்டாம்" என்று அழுத்தியவர்கள் நிறைய. அதுவும் சரியென்றால் டிவியை சுவிட்சிலேயே அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் டிவியைக் குறை சொல்லலாம்.

அந்த வீட்டில் ஹாட்ஸ்பாட்டில் போட்ட உடனே டிவி பெயர் வந்துவிட்டது. "அப்ப ஸ்டிக்கு வேணாமாக்கா?" என்றார் அந்தத் தங்கை. வேண்டாம்.

பூட்டைத் திறந்துவிடலாமா?

மகன் உடனே ரூட்டருக்குள் போய் `Allow guests to see each other` என்பதில் டிக் போட்டான். கீழ் அறை டிவியையும் Guest-இல் சேர்த்தான். போனில் டிவி வந்துவிட்டது. ஆனால் ஒன்று வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தது. மாடி டிவியும் தெரிகிறது, கீழ் அறை டிவியும் தெரிகிறது.

அந்த வாரமே மாடியில் இருந்த பிள்ளைகள் தெரியாமல் கீழ் டிவியைத் தொட்டுவிட்டார்கள். கீழே வயதான தம்பதி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பொம்மைப் படம் ஓட ஆரம்பித்ததும் ரிமோட்டை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். இது சிரிப்பாகப் போய்விட்டது. வேண்டாத படத்தை ஒருவர் வேண்டுமென்றே அடுத்த அறைக்கு அனுப்பினால் சிரிக்க முடியாது.

காஸ்ட் வாங்கும் டிவி பெரும்பாலும் பாஸ்வேர்டு கேட்காது. யாருடைய குரல் வந்து சேர்கிறதோ அவர் சொன்னதைக் கேட்கும். 2019 ஜனவரியில், ரூட்டர்கள் கவனமில்லாமல் வெளியுலகுக்குத் திறந்து கிடந்த வீடுகளில், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான டிவிகளில் முகம் தெரியாத ஆட்கள் தங்கள் செய்தியை ஓடவிட்டார்கள். ஒரு யூடியூபருக்கு ஆதரவு தரும்படி கேட்ட செய்தி அது. உங்கள் கருவி திறந்து கிடக்கிறது என்று எச்சரித்தும் இருந்தார்கள். அது வெளியிலிருந்து வந்த தொல்லை, நம்முடையது அறைக்கு அறை வரும் தொல்லை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

அதனால் ரிசார்ட்டில் வேலை செய்யும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. விருந்தாளி கோபப்பட்டு "உங்க வைஃபை சரியில்லை" என்றால் பதற வேண்டாம். நூறு அறை இருக்கும் இடத்தில் அந்தப் பூட்டு இருக்கத்தான் வேண்டும். பெரிய ஹோட்டல்கள் சிலவற்றில் டிவித் திரையில் ஒரு கியூஆர் கட்டம் வரும். அதைப் போனில் ஸ்கேன் செய்தால், இந்தப் போன் இந்த அறையைச் சேர்ந்தது என்று அவர்கள் வைத்திருக்கும் கருவி புரிந்துகொண்டு, அந்த ஒரு டிவிக்கு மட்டும் வழி விடும். அப்படி இருந்தால் விருந்தாளிக்கு அதைக் காட்டுங்கள். இல்லையென்றால் பிறகு சொல்லப்போகும் யூடியூப் எண் முறையைச் சொல்லுங்கள்.

வீட்டுப் பாஸ்வேர்டையே விருந்தாளிக்குக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். டிவி தெரியும், சரி. வாசல் கேமராவும் குடும்பத்தின் மற்றக் கருவிகளும் சேர்ந்தே தெரியும். கேமராவின் பாஸ்வேர்டை வாங்கிய நாளிலிருந்து மாற்றாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? நாங்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை.

அறைக்கு ஒரு சின்ன ரூட்டர்

கடைசியில் அந்த வீட்டில் செய்தது இது. டிக்கை எடுத்துவிட்டு, பூட்டைப் பழையபடி போட்டோம். இரண்டு சின்ன ரூட்டர்கள் வாங்கினோம். ஒன்று ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். அறைக்கு ஒன்று வைத்தோம். வாங்கும்போது கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இதுல `WISP` மோடு இருக்கா?" அந்த மோடில் ரூட்டர், ஒரு விருந்தாளியின் போனைப் போலவே `Alai Illam Guest` வைஃபையில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அங்கிருந்து நெட்டை வாங்கி, தன் பெயரில் ஒரு தனி வைஃபை கொடுக்கும். மாடி அறைக்கு `Alai Maadi`, கீழ் அறைக்கு `Alai Keezh` என்று பெயர் வைத்தோம்.

மாடி டிவியும் மாடி விருந்தாளியின் போனும் `Alai Maadi` வைஃபையில். ஒரே தெரு, நடுவில் பூட்டு இல்லை, குரல் கேட்கிறது. கீழ் அறை டிவி மாடிப் போனுக்குத் தெரியாது. சின்ன ரூட்டர் Guest-க்குப் பின்னால் இருப்பதால் வாசல் கேமரா பக்கம் யாரும் போகவும் முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது உண்டு. சின்ன ரூட்டரை ஒயர் போட்டு வீட்டு ரூட்டரின் பின்னால் நேராகச் சொருகினாலும் காஸ்ட் வேலை செய்யும். அறைகளும் பிரிந்திருக்கும். ஆனால் அந்த ஒயர் வீட்டு வைஃபையின் பக்கம் சேர்கிறது. கேமரா, டிவி பெயர்கள் தானாகத் தெரியாவிட்டாலும், எண் தெரிந்த ஆள் அந்த எண்ணைக் கொடுத்து அங்கே போய்ச் சேர முடியும். அதனால்தான் Guest வழியாகச் சேர்க்கச் சொல்கிறோம்.

சின்ன ரூட்டர் வைக்கிற இடத்தில் Guest வைஃபை நன்றாக எட்ட வேண்டும். கான்கிரீட் தளம் இரண்டைத் தாண்டினால் எட்டாது. விலை குறைந்த ரூட்டர் வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலையில் செய்வதால் வேகம் பாதியாகக் குறையும். படம் பார்க்க அது போதும். சின்ன ரூட்டரிலும் Guest திறந்து விருந்தாளியை அதில் சேர்த்துவிடாதீர்கள், பழைய கதையே திரும்ப வரும். வீட்டு ரூட்டரும் சின்ன ரூட்டரும் ஒரே எண் தெருவைக் கொடுத்தால் நெட் வராது. சின்னதில் மூன்றாவது பகுதியை மாற்றச் சொல்லி, ரூட்டர் போடுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைஃபையே ஒன்றாக இல்லாதபோது

எதையும் வாங்க முடியாதவர்களுக்கு யூடியூப் எண் முறை இருக்கிறது. டிவியின் யூடியூபில் செட்டிங்ஸ் போய் `Link with TV code` என்பதைத் தொட்டால் ஒரு நீண்ட எண் வரும். போனின் யூடியூப் செட்டிங்ஸில் `Watch on TV`, அதில் `Enter TV code` என்று போய் அந்த எண்ணைப் போட வேண்டும். இது குரல் கொடுத்துத் தேடுவதில்லை, இன்டர்நெட் வழியாகச் சுற்றிப் போய் டிவியைப் பிடிக்கிறது. அதனால் டிவி ஒரு வைஃபையிலும் போன் செல் டேட்டாவிலும் இருந்தால்கூட வேலை செய்யும்.

சுற்றிப் போகிறது என்பதால்தான் ஓர் எச்சரிக்கை. விருந்தாளி ஊருக்குப் போன பிறகும் அவர் போன் அந்த டிவியோடு இணைந்தே இருக்கும். தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு உங்கள் அறை டிவியில் பாட்டுப் போடலாம். அறையைக் கூட்டிப் பெருக்கும்போதே டிவியின் யூடியூப் செட்டிங்ஸில் `Linked devices` போய் இணைப்பை நீக்கிவிடுங்கள். இந்த முறை யூடியூபுக்கு மட்டும்தான், மற்றப் படச் செயலிகளுக்கு உதவாது.

போன் திரையை அப்படியே டிவியில் காட்டும் முறை வேறு. சில போன்களில் `Smart View` என்றும் சிலவற்றில் `Wireless display` என்றும் இருக்கும். இதில் போனும் டிவியும் ரூட்டரைத் தேடாமல் நேரடியாகக் கைகோத்துக்கொள்ளும், Guest பூட்டு குறுக்கே வராது. எல்லா போனிலும் இது இல்லை. போன் திரை அணைந்தால் டிவியும் அணைந்துவிடும். சார்ஜும் சீக்கிரம் இறங்கும்.

நம் பயிற்சிக் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். பள்ளி, வங்கி, அலுவலகம் என்று யாருடைய கூடத்தையாவது கேட்டு வாங்கி, டிவியில் வீடியோ காட்டப் போகிறோம். அங்கே விருந்தாளி வைஃபைதான் கிடைக்கும், பூட்டும் இருக்கும். ஊக்குநர்கள் இரண்டு போனோடு போய், ஒன்றில் ஹாட்ஸ்பாட் போட்டு, டிவியையும் மற்ற போனையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். டிவி இறக்கும் படம் முழுக்க ஹாட்ஸ்பாட் போனின் டேட்டாவில்தான் போகும். ஒரு மணி நேரத் தெளிவான வீடியோவுக்கு ஒரு ஜிபிக்கு மேல் செலவாகலாம், தினம் ஒன்றரை ஜிபி கணக்கு வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் டிவியில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரை `Forget` செய்துவிட்டுக் கிளம்புங்கள்.